கேண்ட் சார்ட் படத்தை வேலைப் பட்டியலாக மாற்றுவது எப்படி: சீரமைப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

சிங்கப்பூரில் வீட்டுச் சீரமைப்பு நிறுவனத்தில் கோஆர்டினேட்டராகச் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே உங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு கேண்ட் சார்ட் படம் வந்து விழும். ஒவ்வொரு வேலையும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்று காட்டும் நீல நிறப் பட்டைகள், வளைந்து வளைந்து போகும் அம்புகள், மேலே பொடி எழுத்தில் தேதிகள். "இதைப் பார்த்து ஆட்களுக்குத் தேதி சொல்லிடுங்க" என்று ஒரு வரி. மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. படத்திலிருந்து தேதி, வேலை நாள், எதற்குப் பின் எது என்ற மூன்றையும் சரியாக எடுப்பது நிதானமாகச் செய்தால் முடிகிற காரியம்தான், ஆனால் வழக்கமாக இடறும் இடங்கள் சில இருக்கின்றன, அவற்றை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீவக மறுவிற்பனை வீட்டின் குளியலறை, சமையலறை வேலை. 2026 பிப்ரவரி 2 திங்கட்கிழமை தொடக்கம், நடுவில் சீனப் புத்தாண்டு. மொத்தம் பத்து வேலைகள்.

## 1. அளக்கத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மூலக் கோப்பையே கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டின் `.mpp` கோப்போ எக்செல் கோப்போ கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. கிடைக்காவிட்டால், அதே படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அல்லாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படமாக வந்தால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், பட்டையின் ஓரம் மங்கிவிடும், தேதி எழுத்தில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது.

கூடவே விலைப்புள்ளி அல்லது ஒப்பந்தத்தின் ஒரு பிரதி வேண்டும். பட்டியலில் உள்ள வேலைப் பெயர்கள் படத்தில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், முழுப் பெயரை அங்கேதான் பார்க்க முடியும். மூன்றாவது, அந்த ஆண்டின் பொது விடுமுறைப் பட்டியல். நம் எடுத்துக்காட்டுக்கு வேண்டியவை பிப்ரவரி 17, 18 இரண்டும், செவ்வாய், புதன், சீனப் புத்தாண்டு. மார்ச் 21 நோன்புப் பெருநாள், சனிக்கிழமை. வேலை நீண்டால் அதுவும் உள்ளே வந்துவிடும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அளக்க விண்டோஸில் இருக்கும் பெயின்ட் போதும். பட்டியலுக்கு எக்செல். கடைசியில் சரிபார்க்க மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் அலுவலகத்தில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ப்ராஜெக்ட்லிப்ரே இலவசம். பத்து வேலைக்கு முதல் தடவை ஒரு அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், பழகிய பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது.

## 2. மேலே உள்ள தேதிக் கோட்டை முதலில் நம்பாதீர்கள்

பட்டைகளைத் தொடுவதற்கு முன் தேதி வரிசையை மட்டும் பாருங்கள். இங்கே மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்.

ஒன்று, `02/03` என்று இருந்தால் அது மார்ச் 2-ஆ பிப்ரவரி 3-ஆ? நாம் நாளை முதலில் எழுதுவோம், ஆனால் அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் செய்த சார்ட்டில் மாதம்தான் முதலில் வரும். அடுத்தடுத்த தேதிகளைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்: எந்த எண் ஏழேழாகக் கூடுகிறதோ அதுதான் நாள்.

இரண்டு, வாரத் தலைப்பில் உள்ள தேதி ஞாயிற்றுக்கிழமையா திங்கட்கிழமையா? மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டின் வழக்கமான அமைப்பில் வாரம் ஞாயிறில் தொடங்கும். நாள்காட்டியை எடுத்து ஒப்பிடுங்கள். 2026 பிப்ரவரி 1 ஞாயிறு. தலைப்பில் பிப்ரவரி 1 என்று இருந்தால் அந்தக் கோடு ஞாயிறு, 2 என்று இருந்தால் திங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் பட்டியல் முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போகும், எல்லாம் சேர்ந்து ஒரே அளவில் தள்ளிப்போவதால் பார்வைக்குத் தவறாகவே தெரியாது.

மூன்று, ஒரு வாரத்துக்குள் எத்தனை கட்டங்கள்? ஏழு இருந்தால் சரி. எக்செல்லில் கையால் கட்டம் நிரப்பிச் செய்யும் சிலர் ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டமே வைக்க மாட்டார்கள், ஆறுதான் இருக்கும். அப்படிப்பட்ட படத்தில் அடுத்த படியில் சொல்லும் கணக்கு ஓடாது. ஒவ்வொரு கட்டத்தையும் கையால் எண்ணி, கட்டத்தின் தேதியை நேரடியாகப் படித்து எழுத வேண்டியதுதான்.

## 3. ஒரு நாளுக்கு எத்தனை பிக்சல் என்று கண்டுபிடியுங்கள்

படத்தைப் பெயின்ட்டில் திறங்கள். மவுஸை எங்கே வைத்தாலும் கீழே இடது மூலையில் இரண்டு எண்கள் தெரியும், முதல் எண்தான் இடமிருந்து உள்ள தூரம். நமக்கு அது மட்டும் போதும்.

தேதி தெளிவாகத் தெரிகிற இரண்டு கோடுகளை எடுங்கள், முடிந்தவரை தள்ளித் தள்ளி. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை எடுத்தால் ஒரு பிக்சல் பிசகினாலே மாதக் கடைசியில் ஒரு நாள் பிசகும். நம் படத்தில் பிப்ரவரி 2-ன் கோடு 412-ல் இருக்கிறது, மார்ச் 16-ன் கோடு 1420-ல். இடையில் 42 நாள். 1420-இலிருந்து 412-ஐக் கழித்தால் 1008, அதை 42-ஆல் வகுத்தால் நாளுக்கு 24 பிக்சல். நடுவில் இன்னொரு கோட்டை வைத்துச் சரிபாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் யாரோ இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டி ஒரே படமாக அனுப்பியிருக்கிறார்கள், ஒவ்வொரு துண்டையும் தனியாக அளக்க வேண்டும்.

## 4. பட்டையின் இரண்டு ஓரத்தையும் படியுங்கள்

எதை அளப்பது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் கீழே மடங்கிய கறுப்புப் பட்டை என்றால் அது தலைப்பு வேலை, அதன் கீழ் உள்ளவற்றின் மொத்தம். அதற்குத் தனியாக நாள் எழுதக் கூடாது. வைரக் குறி என்றால் மைல்கல், கால அளவு பூஜ்யம், அதன் நடுப்புள்ளிதான் தேதி. பட்டைக்குள் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு எவ்வளவு முடிந்தது என்பதைக் காட்டுவது. பட்டைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இன்னொன்று இருந்தால் அது பழைய திட்டம். அளக்க வேண்டியது வண்ணப் பட்டையை மட்டும்.

டைல்ஸ் வேலையை எடுத்துக்கொள்வோம். அதன் இடது ஓரம் 675, வலது ஓரம் 891. இடது ஓரத்திலிருந்து 412-ஐக் கழித்து 24-ஆல் வகுத்தால் 10.96, அதாவது 11. பிப்ரவரி 2-உடன் 11 நாள் கூட்டினால் பிப்ரவரி 13, வெள்ளி. அதுதான் தொடக்கம். வலது ஓரம் 19.96, அதாவது 20. இங்கே அப்படியே கூட்டினால் பிப்ரவரி 22 வரும், அது ஞாயிறு, தவறு. பட்டையின் வலது ஓரம் கடைசி நாள் முடிகிற இடத்தில் நிற்கிறது, அதனால் ஒன்றைக் கழிக்க வேண்டும். பிப்ரவரி 21, சனி.

எக்செல்லில் `B1`-ல் முதல் கோட்டின் தேதி, `B2`-ல் 412, `B3`-ல் 24 போட்டுவிடுங்கள். `C` இடது ஓரம், `D` வலது ஓரம். `E` தொடக்கம், `F` முடிவு, `G` வேலை நாள். விடுமுறைத் தேதிகளை `J1`-லிருந்து கீழே எழுதுங்கள். ஐந்தாம் வரியில் இப்படி வரும்:

```
E5: =$B$1+ROUND((C5-$B$2)/$B$3,0)
F5: =$B$1+ROUND((D5-$B$2)/$B$3,0)-1
G5: =NETWORKDAYS.INTL(E5,F5,"0000001",$J$1:$J$10)
```

ஒன்றைக் கழிக்கும் விதி எல்லாப் படத்துக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எக்செல்லில் முடிவு தேதியிலிருந்து தொடக்கத் தேதியை நேரடியாகக் கழித்து வரைந்த சார்ட்டில் பட்டை ஒரு நாள் குட்டையாகவே இருக்கும். படத்தில் ஒரு நாள் வேலை என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பாருங்கள். அது 24 பிக்சல் அகலம் இருந்தால் கழியுங்கள். பட்டையே இல்லாமல் வெறும் கோடாக இருந்தால் கழிக்க வேண்டாம். இன்னொரு வகை: எல்லா இடது ஓரமும் .33-லும் வலது ஓரமும் .7 பக்கத்திலும் வந்தால், பட்டை காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிகிறது என்று அர்த்தம். அப்போது இடதுக்கு `ROUNDDOWN`, வலதுக்கு `ROUNDUP` போடுங்கள்.

## 5. பட்டையின் நீளம் வேறு, வேலை நாள் வேறு

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டைல்ஸ் பட்டையின் நீளம் 216 பிக்சல், 24-ஆல் வகுத்தால் 9 நாள். பட்டியலில் 9 என்று எழுதத்தான் கை போகும். ஆனால் அந்த 9 நாளுக்குள் 15-ஆம் தேதி ஞாயிறு, 17, 18 சீனப் புத்தாண்டு. கழித்தால் வேலை நாள் 6. மேலே உள்ள மூன்றாவது சூத்திரம் அதைத்தான் செய்கிறது: `"0000001"` என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள், 1 இருக்கும் நாள் விடுமுறை.

9 என்று எழுதினால் என்ன ஆகும்? மென்பொருள் அதை 9 வேலை நாளாக எடுத்துக்கொண்டு, ஞாயிறையும் விடுமுறையையும் மறுபடி தாண்டி, டைல்ஸ் முடிவதை பிப்ரவரி 25 புதனுக்குக் கொண்டுபோய் வைக்கும். அலமாரி அளவெடுக்க வருபவரை 23-ஆம் தேதிக்குப் பதில் 26-க்கு வரச் சொல்வீர்கள். அளவெடுத்த பிறகுதான் பட்டறையில் வேலை தொடங்கும் என்பதால் வீட்டுக்காரருக்கு ஒப்படைக்கும் தேதியும் அதோடு சேர்ந்து நகரும்.

அடுத்து, எல்லா வேலைக்கும் ஒரே நாள்காட்டி கிடையாது. வீவக விதிப்படி பொதுவான சீரமைப்பு வேலை திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை. சுவர் இடிப்பது, பழைய டைல் பெயர்ப்பது, டைல் வெட்டுவது போன்ற சத்தமான வேலைகள் வார நாளில் மட்டும், காலை 9 முதல் மாலை 5 வரை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை, முக்கியப் பெருநாள்களின் முந்திய நாள், எதிலும் கூடாது. ஆகவே ஹேக்கிங் எனப்படும் இடிப்பு வேலைக்கு `"0000011"`. நம் படத்தில் ஹேக்கிங் செவ்வாய் முதல் வியாழன் வரை என்பதால் எந்த நாள்காட்டியை வைத்தாலும் 3 நாள்தான் வரும், பிழை தெரியாது. ஆனால் தொடக்கம் தள்ளிப்போய் 6-ஆம் தேதி வெள்ளியில் ஆரம்பித்தால், ஆறு நாள் நாள்காட்டி சனிக்கிழமையும் இடிக்கச் சொல்லும். புகார் வந்தால் போய் நிற்பது நாம்தான்.

டைல்ஸ் பட்டையை மறுபடி பாருங்கள். 13, 14, 16, 19, 20, 21 என்று ஆறு நாள். இதில் 14, 21 இரண்டும் சனி, 16 சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள். ஆறில் மூன்று நாள் டைல் வெட்ட முடியாது, ஒட்ட மட்டுமே முடியும். படம் வரைந்தவர் இதை யோசித்தாரா என்று படத்தில் தெரியாது. இதைக் கேள்வியாகக் குறித்துவையுங்கள், நீங்களாக நாளைக் கூட்டிவிடாதீர்கள்.

## 6. அம்புகளைப் பின்தொடருங்கள்

அம்பு எந்த முனையிலிருந்து கிளம்பி எந்த முனையில் போய் விழுகிறது என்பதுதான் முக்கியம். முன் வேலையின் வலது முனையிலிருந்து பின் வேலையின் இடது முனைக்கு வந்தால் `FS`, அது முடிந்த பிறகு இது. இடதிலிருந்து இடதுக்கு என்றால் `SS`, அது தொடங்கினால் இது தொடங்கலாம். வலதிலிருந்து வலதுக்கு என்றால் `FF`. நான்காவது வகை `SF`, சீரமைப்பு வேலையில் நான் பார்த்ததில்லை, உங்களுக்கு அப்படித் தெரிந்தால் அம்பைத் திரும்பப் பாருங்கள்.

நம் படத்தில் பைப் வேலை 6-ஆம் தேதி தொடங்குகிறது, வயரிங் 7-ஆம் தேதி, அம்பு இடதிலிருந்து இடதுக்கு. ஒரு வேலை நாள் இடைவெளி. பைப் வேலை நம் பட்டியலில் 3-ஆம் எண், அதனால் வயரிங்கிற்கு `3SS+1d`.

பல அம்புகள் ஒரே செங்குத்துக் கோட்டில் சேர்ந்துவிடும், அங்கேதான் குழப்பம். வயரிங்கிலிருந்து கிளம்பும் அம்பு வாட்டர்ப்ரூஃபிங், நீர்ச் சோதனை இரண்டு வரிகளையும் தாண்டிக் கீழே போகிறது, போகிற வழியில் நீர்ச் சோதனையிலிருந்து வரும் அம்போடு சேர்ந்து டைல்ஸில் விழுகிறது. நடுவில் உள்ள வரிகளைத் தொட்டுப்போவதால் அவற்றோடும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அம்பின் தலை எங்கே இருக்கிறதோ அது மட்டும்தான் கணக்கு.

இன்னொன்று. வயரிங் முடிவது 10-ஆம் தேதி, டைல்ஸ் தொடங்குவது 13. நடுவில் 11, 12 இரண்டு வேலை நாள். உடனே `4FS+2d` என்று எழுதிவிடக் கூடாது. டைல்ஸுக்கு இரண்டு அம்பு வருகிறது, நீர்ச் சோதனை 12-ஆம் தேதி முடிந்து அதை ஒட்டியே 13-ல் டைல்ஸ் தொடங்குகிறது. தொடக்கத் தேதியைத் தீர்மானிப்பது அதுதான். வயரிங்கிற்கு இருக்கும் இரண்டு நாள் வெறும் தாராளம், தாமதித்தாலும் பரவாயில்லை என்ற இடம். அதைக் கட்டாய இடைவெளியாக எழுதினால், நாளைக்கு வயரிங் ஒரு நாள் தள்ளிப்போகும்போது தேவையே இல்லாமல் டைல்ஸ்காரரைத் தள்ளி வரச் சொல்வீர்கள். ஒரு வேலைக்குள் வரும் அம்புகளில் ஒன்றாவது ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மற்றவற்றுக்கு இடைவெளி எழுத வேண்டாம். எதுவுமே ஒட்டி வரவில்லை, நடுவில் ஞாயிறோ விடுமுறையோ இல்லை என்றால் மட்டும் அது உண்மையான காத்திருப்பு, சிமெண்ட் காய்வது போல.

அம்பே இல்லாத படமும் வரும். அப்போது அருகருகே முடிந்து தொடங்கும் வேலைகளை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஊகித்ததைத் தனி நெடுவரிசையில் "ஊகம்" என்று எழுதிவையுங்கள், படத்தில் பார்த்ததோடு கலக்காதீர்கள்.

எல்லாம் எடுத்த பிறகு நம் பட்டியல் இது, முன் வேலையில் வெறும் எண் மட்டும் இருந்தால் அது `FS`:

| எண் | வேலை | தொடக்கம் | முடிவு | வேலை நாள் | முன் வேலை |
|---|---|---|---|---|---|
| 1 | தரை, லிஃப்ட் பாதுகாப்பு உறை | பிப் 2 | பிப் 2 | 1 | |
| 2 | ஹேக்கிங் | பிப் 3 | பிப் 5 | 3 | 1 |
| 3 | பைப் வேலை | பிப் 6 | பிப் 9 | 3 | 2 |
| 4 | வயரிங் | பிப் 7 | பிப் 10 | 3 | 3SS+1d |
| 5 | வாட்டர்ப்ரூஃபிங் | பிப் 10 | பிப் 11 | 2 | 3 |
| 6 | நீர்ச் சோதனை | பிப் 12 | பிப் 12 | 1 | 5 |
| 7 | டைல்ஸ் | பிப் 13 | பிப் 21 | 6 | 4,6 |
| 8 | அலமாரி அளவெடுப்பு | பிப் 23 | பிப் 23 | 1 | 7 |
| 9 | பட்டறையில் அலமாரி செய்தல் | பிப் 24 | மார்ச் 12 | 15 | 8 |
| 10 | அலமாரி பொருத்துதல் | மார்ச் 13 | மார்ச் 16 | 3 | 9 |

முன் வேலையின் எண் படத்தில் உள்ள வரி எண்ணாக இருக்க வேண்டும் என்று இல்லை. தலைப்பு வரிகளை நீக்கிவிட்டால் எண்கள் மாறிவிடும், நீக்கிய பிறகுதான் இந்த நெடுவரிசையை நிரப்புங்கள்.

## 7. மென்பொருளில் போட்டு, தேதியை அதையே கணக்குப் போடச் சொல்லுங்கள்

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் முதலில் `Change Working Time` போய் 17, 18 தேதிகளை விடுமுறையாகச் சேர்த்து, சனிக்கிழமையை வேலை நாளாக மாற்றுங்கள். வழக்கமான நாள்காட்டியில் வேலை வெள்ளியோடு முடிந்துவிடும், எந்த விடுமுறையும் அதில் இருக்காது. ஹேக்கிங்கிற்கு மட்டும் ஐந்து நாள் நாள்காட்டி ஒன்றைத் தனியாகச் செய்து கொடுங்கள். வேலைகள் எல்லாம் `Auto Scheduled`-ல் இருக்க வேண்டும்.

அப்புறம் பெயர், வேலை நாள், முன் வேலை மூன்றை மட்டும் ஒட்டுங்கள். தொடக்கத் தேதியை ஒட்ட வேண்டாம். கையால் தேதி எழுதினால் மென்பொருள் அதை "இதற்கு முன் தொடங்காதே" என்ற கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளும், படத்தோடு எல்லாம் அழகாக ஒத்துப்போவது போலத் தெரியும், ஆனால் முன் வேலை சீக்கிரம் முடிந்தாலும் பின் வேலை முன்னே வராது. திட்டத்தின் முதல் தேதியை மட்டும் பிப்ரவரி 2 என்று வையுங்கள்.

இப்போது அது போட்ட தேதிகளையும் நீங்கள் படத்தில் அளந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி வேலை மார்ச் 16 திங்களில் முடிந்தால் சரி. எந்த வரியில் முதலில் பிசகுகிறதோ அங்கே மட்டும் தேடினால் போதும், அதற்குக் கீழே உள்ளவை அதனால்தான் பிசகுகின்றன. விடுமுறைக்குப் பிறகு பிசகத் தொடங்கினால் நாள்காட்டி, எல்லா வரியும் ஒரு நாள் பிசகினால் வாரத் தலைப்பு, ஒரே ஒரு வேலை முன்னால் ஓடிவிட்டால் விட்டுப்போன அம்பு.

தேதிகள் ஒத்துப்போன பிறகும் ஒரு சோதனை பாக்கி. ஹேக்கிங்கை 3-லிருந்து 4 நாளாக மாற்றிப் பாருங்கள். முடிவு மார்ச் 17-க்கு ஒரு நாள் நகர வேண்டும், ஹேக்கிங்கிற்குக் கீழே உள்ள எல்லா வேலையும் நகர வேண்டும். நகராமல் நிற்கும் வேலைக்கு அம்பு விட்டுப்போயிருக்கிறது. பழையபடி 3 ஆக்கிவிட்டு, வயரிங்கை 5 நாளாக்குங்கள். முடிவு நகரவே கூடாது. 6 ஆக்கினால் நகர வேண்டும். இது இரண்டும் சரியாக வந்தால் அம்புகளையும் தாராள நாளையும் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

## 8. ஆட்களுக்குத் தேதி சொல்லும் முன் கேட்டுவிடுங்கள்

பட்டியலைக் கான்ட்ராக்டருக்குத் திருப்பி அனுப்பும்போது நீளமாக எழுதாதீர்கள். பட்டியல், கூடவே படத்தில் தெரியாதவற்றை மட்டும் எண் போட்டுக் கேள்விகள். இந்த வேலைக்கு என் கேள்விகள் இவ்வளவுதான்:

"அண்ணே, உங்க சார்ட்ல இருந்து எடுத்த தேதி இது. 1) 14, 16, 21 மூணு நாளும் டைல் வெட்ட முடியாது, ஆறு நாள் போதுமா? 2) அலமாரிப் பட்டறை சனிக்கிழமை வேலை செய்யுமா? 3) சீனப் புத்தாண்டுக்கு ஆட்கள் 17, 18 மட்டும்தான் லீவா, முழு வாரமா?"

மூன்றாவது கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். அரசாங்க விடுமுறை இரண்டு நாள்தான், ஆனால் பட்டறைகளும் சில டைல்ஸ் குழுக்களும் அதற்கு மேலும் மூடியிருப்பது இங்கே சகஜம். பட்டறைக்குச் சனிக்கிழமை இல்லையென்றால் அதே 15 வேலை நாள் மார்ச் 12-க்குப் பதில் மார்ச் 16-ல் முடியும், பொருத்துவது 17-ல் தொடங்கி 19 வியாழனுக்குப் போகும், நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு. பதில் வந்ததும் மாற்றிய பட்டியலில் தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு, மூலப் படத்தையும் பிக்சல் எண்கள் உள்ள எக்செல் தாளையும் அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் திருத்திய படம் ஒன்று வரும், அப்போது அதே 412, 24 ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு, மாறிய பட்டைகளை மட்டும் அளந்தால் போதும்.